0.7: ஓர் எண்ணை எப்படி வாசிப்பது?

பெண்ணின் இடைச் சுற்றளவை இடுப்புச் சுற்றளவால் வகுத்தால் 0.7 வர வேண்டும். உலகம் முழுவதும் ஆண்கள் விரும்புவது அந்த உடலமைப்பைத்தான் என்று ஒரு செய்தி 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரிகைத் துணுக்குகளில் சுற்றி வருகிறது. இதற்கு நேர் எதிரான இன்னொரு செய்தியும் கூடவே வரும்: ஆப்பிரிக்காவிலும் அமேசான் காட்டிலும் போய்ப் பார்த்தார்கள், அங்கே ஆண்கள் வேறு மாதிரி சொன்னார்கள், ஆகவே அழகு என்பது முழுக்க முழுக்க அந்தந்தச் சமூகம் கற்றுக் கொடுப்பது.

இரண்டுமே ஆய்வுகளிலிருந்து வந்தவைதான். ஆனால் அந்த ஆய்வுகளில் என்ன செய்தார்கள், யாரிடம் எந்தப் படத்தைக் காட்டினார்கள், என்ன கேட்டார்கள் என்பது துணுக்குகளில் வருவதில்லை. அதைத் தெரிந்துகொண்டால் இரண்டு செய்திகளையும் அப்படியே நம்ப முடியாது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, தான்சானியாவின் ஹாட்சா மக்களிடம் நடந்த மூன்று ஆய்வுகள். அதே மக்கள், ஏறக்குறைய அதே ஆய்வாளர்கள். ஆனாலும் மூன்று முறையும் மூன்று விதமான விடை வந்தது. மாறியது காட்டிய படம்.

பன்னிரண்டு கோட்டோவியங்கள்

கதை 1993-இல் தொடங்குகிறது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த தேவேந்திர சிங், அந்த ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நீச்சலுடை அணிந்து நிற்கும் பெண்ணின் கோட்டோவியங்கள் பன்னிரண்டைத் தயாரித்திருந்தார். அவற்றில் மூன்று எடைப் பிரிவுகள்: ஒல்லி, நடுத்தரம், பருமன். ஒவ்வொரு பிரிவிலும் இடை-இடுப்பு விகிதம் 0.7, 0.8, 0.9, 1.0 என்று நான்கு படங்கள். 1.0 என்றால் இடையும் இடுப்பும் ஒரே அளவு. எண் குறையக் குறைய இடை சிறுக்கிறது. ஆண் கல்லூரி மாணவர்களிடம் இந்தப் படங்களைக் கொடுத்து, கவர்ச்சி, ஆரோக்கியம், இளமை, குழந்தை பெறும் திறன் முதலியவற்றின்படி வரிசைப்படுத்தச் சொன்னார். நடுத்தர எடையும் 0.7 விகிதமும் கொண்ட படம் முதலிடம் பெற்றது.

சிங் இதற்கு ஒரு விளக்கமும் வைத்தார். பருவம் எய்தியபின் பெண்ணின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், கொழுப்பை வயிற்றைவிடத் தொடையிலும் இடுப்பிலும் சேர்க்கிறது. மாதவிடாய் நின்றபின் இந்த வடிவம் மாறி, விகிதம் ஏறுகிறது. ஆகவே குறைந்த விகிதம் இளமைக்கும் கருவுறும் திறனுக்கும் வெளியே தெரியும் அடையாளம். அந்த அடையாளத்தைக் கண்டுகொள்ளும் கண் பரிணாமத்தில் ஆண்களுக்கு அமைந்திருக்கிறது என்பது அவர் வாதம். அதே ஆண்டில் நெதர்லாந்து ஆய்வு ஒன்றும் வெளிவந்தது. கொடையாளர் விந்து மூலம் கருத்தரிக்க மருத்துவமனைக்கு வந்த பெண்களில், விகிதம் 0.1 கூடும்போது ஒரு சுழற்சியில் கருத்தரிக்கும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் குறைகிறது என்றது அது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களுக்குக் கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது போலத் தோன்றியது.

எளிதாகச் செய்யக்கூடிய, தெளிவான சோதனை அது. அதனாலேயே உலகின் பல இடங்களில் இதே படங்களை வைத்து மறுபடி செய்தார்கள். ஆனால் அந்தப் படங்களிலேயே இரண்டு சிக்கல்கள் இருந்தன.

முதலாவது, விகிதத்தை மாற்ற ஓவியத்தில் பெரும்பாலும் இடையைத்தான் ஒடுக்கவோ அகலப்படுத்தவோ செய்கிறோம். இடையை ஒடுக்கினால் விகிதம் மட்டும் குறைவதில்லை. அந்தப் பெண் மொத்தத்தில் மெலிந்தவளாகவும் தெரிகிறாள். பார்ப்பவர் 0.7 படத்தை எடுத்தது வடிவத்துக்காகவா, மெலிவுக்காகவா? அந்தப் பன்னிரண்டு படங்களை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. பின்னால் பிரிட்டனில் மார்ட்டின் டோவியும் பியர்ஸ் கார்னெலிசனும் கோட்டோவியங்களை விட்டுவிட்டு உண்மையான பெண்களின் முகம் மறைத்த புகைப்படங்களைப் பயன்படுத்தியபோது, மதிப்பெண்ணைப் பெருமளவு தீர்மானித்தது உயரத்துக்கேற்ற எடை. விகிதத்தின் பங்கு சிறியதாகவே இருந்தது.

இரண்டாவது சிக்கல் இன்னும் எளிமையானது. காட்டப்பட்ட விகிதங்களில் மிகக் குறைந்தது 0.7. அதற்குக் கீழே படமே இல்லை. ஓரத்தில் இருக்கும் ஒரு படம் வென்றால், விருப்பத்தின் உச்சம் அங்கேதான் இருக்கிறது என்று சொல்ல முடியாது. கொடுத்தவற்றுள் குறைந்ததை விரும்பினார்கள் என்று மட்டுமே சொல்லலாம். 0.7 என்ற எண்ணுக்குப் பின்னால் வந்த மந்திரத்தன்மைக்கு இந்தச் சோதனையில் ஆதாரம் இல்லை.

அதே கட்டுரையில் சிங், அமெரிக்க அழகிப் பட்டம் வென்றவர்கள், பிளேபாய் இதழின் நடுப்பக்க அழகிகள் ஆகியோரின் அளவுகளையும் எடுத்து, பல பத்தாண்டுகளாக அவர்களின் விகிதம் 0.7-ஐ ஒட்டி மிகக் குறுகிய எல்லைக்குள் நிற்கிறது என்றார். 2002-இல் ஜெரமி ஃபிரீஸ், ஷெரி மெலண்ட் என்ற இருவர் அந்த அளவுகளை மறுபடி கணக்கிட்டுப் பார்த்தபோது, எல்லை அவ்வளவு குறுகியதாக இல்லை. ஆளுக்கு ஆள் நல்ல வேறுபாடு இருந்தது, காலப்போக்கில் மாற்றமும் இருந்தது. மாறாத எண் என்று அதற்குள் பல பாடநூல்களில் ஏறிவிட்ட ஒன்று, மூலத் தரவில் அப்படி இருக்கவில்லை.

ஹாட்சாக்களிடம் மூன்று முறை

வட தான்சானியாவில் எயாசி ஏரியைச் சுற்றி வாழ்பவர்கள் ஹாட்சாக்கள். வேட்டையும் உணவு சேகரிப்புமாக இன்றும் வாழும் குடும்பங்கள் அவர்களிடையே உண்டு. ஆண்கள் வில்லோடு வேட்டைக்கும் தேன் எடுக்கவும் போகிறார்கள். பெண்கள் கூர்மையான கழியால் கடினமான மண்ணைத் தோண்டிக் கிழங்கு எடுக்கிறார்கள், பழம் பறிக்கிறார்கள். மானிடவியலாளர் ஃபிராங்க் மார்லோ 1990-களிலிருந்து பல ஆண்டுகள் அவர்களிடையே ஆய்வு செய்தவர். எழுத்தும் தொலைக்காட்சியும் வடிவமைக்காத ஒரு சமூகத்தில் சிங்கின் கருத்து நிற்கிறதா என்று பார்க்க இது தகுந்த இடம் என்று அவர் நினைத்தார்.

முதல் ஆய்வு 1999-இல் வந்தது. ஆடம் வெட்ஸ்மனும் மார்லோவும் எடையும் விகிதமும் மாறுபடும் கோட்டோவியங்களை ஹாட்சா ஆண்களிடம் காட்டினார்கள். யார் அழகு, யார் ஆரோக்கியம், யாரை மனைவியாக விரும்புவாய் என்பது போன்ற கேள்விகள். ஹாட்சா ஆண்கள் எடை கூடிய பெண்களை விரும்பினார்கள். விகிதம் அவர்கள் தேர்வில் எந்தப் பாதிப்பையும் காட்டவில்லை. அதே படங்களைப் பார்த்த அமெரிக்க ஆண்களுக்கோ விகிதம் முக்கியமாக இருந்தது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. எடை பெரிதாக மாறும் படங்களுக்கு நடுவே விகிதத்தின் சிறு மாற்றம் அமுங்கிப் போயிருக்கலாமே? அதனால் 2001-இல் வெளியான இரண்டாவது ஆய்வில் எடையை ஒரே மாதிரி வைத்து விகிதத்தை மட்டும் மாற்றினார்கள். இப்போது ஹாட்சா ஆண்களின் விருப்பம் தெளிவாகத் தெரிந்தது, ஆனால் எதிர்த்திசையில். அமெரிக்க ஆண்கள் குறைந்த விகிதத்தை விரும்ப, ஹாட்சா ஆண்கள் அதிக விகிதத்தை விரும்பினார்கள்.

இதற்கு மார்லோவும் வெட்ஸ்மனும் சொன்ன காரணம் வாழ்க்கைச் சூழல். உணவுக்காக நாள்தோறும் உழைக்க வேண்டிய, மெலிவு என்பது நோய்க்கோ பசிக்கோ அடையாளமாக இருக்கும் இடத்தில், உடலில் கொஞ்சம் சதை இருப்பதே நல்ல அறிகுறி. கோட்டோவியத்தில் இடை ஒடுங்கிய பெண் அங்கே மெலிந்தவளாகத்தான் தெரிவாள். கதை இங்கே நின்றிருந்தால், ‘0.7 பொய்யாகிவிட்டது’ என்ற தலைப்போடு முடிந்திருக்கும்.

மார்லோ அங்கே நிறுத்தவில்லை. 2005-இல் கோரன் அபிசெல்லா, டோரியன் ரீட் ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்ட மூன்றாவது ஆய்வில் அடிப்படையான ஒரு கேள்வியைக் கேட்டார்: இதுவரை எல்லோரும் காட்டிய படங்கள் முன்பக்கத் தோற்றம்தானே? உண்மையான பெண்ணிடம் விகிதத்தை நாடாவால் அளக்கிறோம். நாடா உடலைச் சுற்றிப் போகிறது. புட்டமும் அதற்குள் அடங்கும். முன்பக்கப் படத்தில் புட்டம் தெரியவே தெரியாது. அப்படியானால் படத்தின் 0.7-உம் நாடாவின் 0.7-உம் ஒன்றா?

ஆகவே இந்த முறை பக்கவாட்டுத் தோற்றப் படங்களைக் காட்டினார்கள். விடை மறுபடியும் திரும்பியது. புட்டம் கூடுதலாகப் பின்தள்ளி நிற்கும், அதாவது பக்கவாட்டில் விகிதம் குறைந்த படத்தை, அமெரிக்க ஆண்களைவிட ஹாட்சா ஆண்கள் அதிகம் விரும்பினார்கள். முன்பக்கத்தில் அதிக விகிதம், பக்கவாட்டில் குறைந்த விகிதம். இரண்டும் சேர்ந்துதான் நாடா காட்டும் உண்மையான விகிதம் உருவாகிறது. சேர்த்துப் பார்த்தால் இரண்டு சமூகங்களுக்கும் இடையில் இருந்ததாக நினைத்த இடைவெளி பெருமளவு சுருங்குகிறது என்று அவர்கள் எழுதினார்கள்.

படத்தின் எண்ணும் நாடாவின் எண்ணும்

இந்தக் கட்டத்தை ஒரு கணக்கால் பார்த்தால் தெளிவாகப் புரியும். பானையின் நிழலை மட்டும் பார்த்து அதன் சுற்றளவைச் சொல்ல முடியாது என்பதுதான் இதன் சாரம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உடலின் குறுக்குவெட்டு நீள்வட்டம் போன்றது என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு பெண்கள். இருவருக்கும் இடை ஒரே அளவு: முன்னாலிருந்து பார்த்தால் 26 செ.மீ. அகலம், பக்கவாட்டில் 18 செ.மீ. தடிமன். சுற்றளவு ஏறக்குறைய 70 செ.மீ. வருகிறது. முதல் பெண்ணின் இடுப்பு அகலமானது: 36 செ.மீ. அகலம், 22 செ.மீ. தடிமன். இரண்டாவது பெண்ணின் இடுப்பு அவ்வளவு அகலமில்லை, ஆனால் புட்டம் பின்னால் நிற்கிறது: 31 செ.மீ. அகலம், 28 செ.மீ. தடிமன். இருவரின் இடுப்புச் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றுதான், 92 அல்லது 93 செ.மீ. நாடாவை வைத்து அளந்தால் இருவருக்கும் விகிதம் சுமார் 0.75.

இப்போது இவர்களை முன்னாலிருந்து படம் வரையுங்கள். படத்தில் தெரிவது அகலம் மட்டும். முதல் பெண்ணுக்கு 26-ஐ 36-ஆல் வகுத்தால் 0.72. இரண்டாவது பெண்ணுக்கு 26-ஐ 31-ஆல் வகுத்தால் 0.84. பக்கவாட்டில் வரைந்தால் தலைகீழ்: முதலாமவருக்கு 0.82, இரண்டாமவருக்கு 0.64. நாடாவுக்கு இவர்கள் இருவரும் ஒன்று. ஓவியத்துக்கோ வெகு தூரம் விலகியவர்கள்.

ஒரு சமூகத்தில் முதல் வகை உடலமைப்பும் இன்னொரு சமூகத்தில் இரண்டாவது வகையும் பரவலாக இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரு சமூக ஆண்களும் தங்கள் ஊரில் பார்த்துப் பழகிய, 0.75 விகிதமுள்ள பெண்ணையே விரும்பினாலும், முன்பக்கப் படத்தைக் காட்டும் ஆய்வாளருக்கு ஒரு ஊரில் 0.72 என்றும் மற்ற ஊரில் 0.84 என்றும் விடை கிடைக்கும். ‘பண்பாட்டு வேறுபாடு’ என்று அவர் எழுதிவிடுவார். மார்லோ குழுவும் இதையொட்டித்தான் முடிவு சொன்னது: சில மக்களிடையே இடுப்பு அகலமாகவும், சிலரிடையே புட்டம் எடுப்பாகவும் இருக்கிறது, ஆண்களின் விருப்பம் அந்தந்த இடத்துப் பெண்களின் உடலமைப்பை ஒட்டி மாறுகிறது.

இதனால் 0.7 கோட்பாடு மறுபடி வென்றுவிட்டது என்று கொள்ளக் கூடாது. இடைவெளி சுருங்கியது, முற்றாக மறைந்ததாக யாரும் காட்டவில்லை. ஹாட்சாக்கள் எடை கூடிய பெண்களை விரும்பியது அப்படியே நிற்கிறது. நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வேறுபாட்டில் ஒரு பகுதி மனிதர்களிடம் இருந்தது, ஒரு பகுதி படத்தில் இருந்தது.

ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது?

படத்தின் குறையைக் கழித்தபின்னும் உண்மையான வேறுபாடு மிஞ்சுகிறது. அதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் மூன்று முக்கியமானவை.

ஒன்று, உணவும் நோயும். டக்ளஸ் யூவும் கிளென் ஷெப்பர்டும் 1998-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு பெரு நாட்டின் அமேசான் காட்டில், மனு தேசியப் பூங்காவுக்குள் வாழும் மட்சிகெங்கா மக்களைப் பற்றியது. வெளியுலகத் தொடர்பு மிகக் குறைந்த யோமிபாட்டோ கிராமத்து ஆண்கள், சிங்கின் படங்களில் பருமனானவர்களையும் அதிக விகிதம் கொண்டவர்களையும் முன்னால் வைத்தார்கள். காரணம் கேட்டபோது அவர்கள் தந்த விளக்கம் எண்ணைவிட அதிகம் சொல்கிறது: இடை ஒடுங்கிய படத்திலிருந்த பெண்களுக்குச் சில நாள் முன்பு வயிற்றுப்போக்கு வந்திருக்க வேண்டும் என்றார்கள். அமெரிக்க மாணவர் கவர்ச்சி என்று படித்த கோட்டை அவர்கள் நோய் என்று படித்தார்கள். வயிற்றுப்போக்கு உயிரைக் குடிக்கக்கூடிய இடத்தில் அது நியாயமான வாசிப்பு.

இந்தக் காரணத்துக்கு வேறு திசையிலிருந்தும் ஆதரவு உண்டு. பிரிட்டனில் விரென் சுவாமியும் டோவியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக உணவுக்கூடத்துக்குள் பசியோடு நுழையும் ஆண்களையும் சாப்பிட்டுவிட்டு வெளியே வரும் ஆண்களையும் ஒப்பிட்டார்கள். பசித்தவர்கள் எடை கூடிய பெண்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். ஒரே ஊர், ஒரே வயது, ஒரே பண்பாடு. வயிறு மட்டும் வேறு.

இரண்டாவது காரணம், கண்ணுக்குப் பழகிய அளவு. ஈக்வடாரின் ஷிவியார் மக்களிடம் ஆய்வு செய்த லாரன்ஸ் சுகியாமா 2004-இல் இதை வலியுறுத்தினார். குழந்தைப் பேறும் உடலுழைப்பும் அதிகமான சமூகங்களில் பெண்களின் சராசரி விகிதம் 0.8-க்கு மேலே இருப்பது சாதாரணம். எலிசபெத் காஷ்டன் 2008-இல் தொகுத்துக் காட்டியதும் அதுவே: மேற்கல்லாத 33 மக்கட்குழுக்களிலும் நான்கு ஐரோப்பிய நாடுகளிலும் பெண்களின் சராசரி 0.8-ஐத் தாண்டியே இருந்தது. அப்படிப்பட்ட ஊரில் 0.7 படம் என்பது யாரும் பார்த்திராத உடல். அதை ‘விரும்பவில்லை’ என்று பதிவு செய்வது சோதனையின் குறை. அந்தந்த ஊரின் வீச்சுக்குள் படங்களைத் தயாரித்து, எடை வேறுபாட்டையும் குறைத்துக் கேட்டால், ஷிவியார் ஆண்கள் அங்குள்ள நிலையில் குறைந்த விகிதத்தின் பக்கம் சாய்வதைக் காண முடிந்தது என்றார் அவர். அப்படியானால் தேட வேண்டியது உலகுக்கெல்லாம் பொதுவான ஓர் எண்ணை அல்ல. ஒவ்வொரு ஊரின் சராசரியிலிருந்து விருப்பம் எந்தப் பக்கம் விலகுகிறது என்பதை.

மூன்றாவது, வெளியுலகத் தொடர்பு. யூவும் ஷெப்பர்டும் கூடுதல் தொடர்புள்ள மற்ற இரு குழுக்களிடமும் கேட்டபோது, தொடர்பு கூடக்கூட விடைகள் அமெரிக்க விடைகளை நெருங்கின. மேற்கத்திய ஊடகப் படங்கள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த ஊர்களில் சோதித்துவிட்டு ‘உலகப் பொது’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமோ என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தென்னாப்பிரிக்க ஜூலு மக்களில் பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தவர்களின் விருப்பம், ஊரில் இருப்பவர்களுக்கும் பிரிட்டன்வாசிகளுக்கும் இடைப்பட்டு நின்றதை டோவி குழு 2006-இல் காட்டியதும் இதோடு ஒத்துப்போகிறது. ஆனால் வெளித்தொடர்பு வரும்போது விளம்பரப் படம் மட்டும் வருவதில்லை. கடையும் மருந்தும் பள்ளியும் கூடவே வருகின்றன. பசியும் நோயும் குறைகின்றன. விருப்பத்தை மாற்றியது இவற்றில் எது என்று இந்த ஆய்வுகளால் பிரித்துச் சொல்ல இயலாது.

ஊடகமே எல்லாம் என்ற முடிவுக்கு ஒரு தடையும் உண்டு. 2010-இல் நெதர்லாந்தில், பிறவியிலிருந்தே பார்வையற்ற ஆண்கள் 0.70, 0.84 விகிதமுள்ள இரண்டு பெண் உருவப் பொம்மைகளைக் கையால் தொட்டு மதிப்பிட்டார்கள். அவர்களும் 0.70-ஐயே விரும்பினார்கள், ஆனால் பார்வையுள்ளவர்களிடம் அந்த விருப்பம் இன்னும் வலுவாக இருந்தது. காட்சி ஊடகம் இல்லாமலும் சாய்வு இருக்கிறது, காட்சி அதைக் கூட்டுகிறது என்று இதைப் படிக்கலாம். கூடவே, இரண்டே பொம்மைகள், ஒரே நாடு, அந்த நாட்டுப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்த மனிதர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இப்படிப்பட்ட செய்தி அடுத்த முறை கண்ணில் படும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். காட்டியது ஓவியமா, புகைப்படமா, எந்தப் பக்கத் தோற்றம்? விகிதம் மாறும்போது எடையும் சேர்ந்து மாறியதா? வென்ற படம் கொடுத்த வரிசையின் ஓரத்தில் இருந்ததா, நடுவில் இருந்ததா? அந்த ஊரின் சராசரிப் பெண் அந்த வரிசைக்குள் அடங்குகிறாளா? இந்த நான்குக்கும் விடை தெரியாத செய்தியிலிருந்து எந்த முடிவுக்கும் வர வேண்டியதில்லை.

காரணம் சொல்லும் பகுதியில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். நெதர்லாந்து மருத்துவமனை ஆய்வு, கொடையாளர் விந்துக்காக வந்த பெண்களைப் பற்றியது. பொது மக்களிடையே, அதிலும் இளம் பெண்களிடையே, அதே தொடர்பு அதே அளவில் இருக்கும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. 2018-இல் வில்லியம் லாசெக்கும் ஸ்டீவன் காலினும் கிடைத்த சான்றுகளை அலசிவிட்டு, மிகக் கவர்ச்சியானவை என்று மதிப்பிடப்படும் மிகக் குறைந்த விகிதமும் எடையும் அதிகக் கருவளத்தைக் காட்டுகின்றன என்ற கருத்துக்கு ஆதரவு இல்லை என்றார்கள். விருப்பம் இருக்கிறது என்பது ஒரு கண்டுபிடிப்பு. அது ஏன் இருக்கிறது என்பது இன்னும் தீராத வழக்கு.

விருப்பத்துக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தூரத்தையும் ஹாட்சாக்களே காட்டுகிறார்கள். துணையிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று மார்லோ அவர்களிடம் படம் எதுவும் காட்டாமல் கேட்டு 2004-இல் எழுதினார். ஆண், பெண் இருபாலரும் நல்ல குணத்தை முக்கியமாகச் சொன்னார்கள். ஆண்கள் குழந்தை பெறும் திறனையும், பெண் கடின உழைப்பாளியாக இருப்பதையும் குறிப்பிட்டார்கள். தோற்றத்தைப் பெண்களும் ஆண்கள் அளவுக்கே குறிப்பிட்டார்கள். கோட்டோவியத்துக்குக் குணமும் இல்லை, உழைப்பும் இல்லை. அதை வைத்துக் கேட்டால் உடலைப் பற்றி மட்டுமே விடை வரும்; அந்த விடையைத் திருமணத்துக்கும் காதலுக்கும் நீட்டுவது ஆய்வு செய்யாத வேலை.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிட வேண்டும். மருத்துவரும் இதே விகிதத்தைப் பயன்படுத்துகிறார். ஆனால் அது வேறு கேள்விக்கான விடை. வயிற்றில் சேரும் கொழுப்பு மாரடைப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் வழி வகுப்பதால், பெண்களுக்கு 0.85, ஆண்களுக்கு 0.90 என்ற எல்லைகளை உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ அபாயம் கணிசமாகக் கூடுகிறது என்பது பொருள். அங்கே அளவை முறையும் வரையறுக்கப்பட்டிருக்கிறது: இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே இடையை அளக்க வேண்டும், புட்டத்தின் மிக அகன்ற பகுதியைச் சுற்றி இடுப்பை அளக்க வேண்டும். நாடாவை இரண்டு விரற்கடை மேலேயோ கீழேயோ வைத்தாலே எண் மாறிவிடும். மருத்துவரின் 0.85-ஐயும் ஓவியத்தின் 0.7-ஐயும் ஒரே அளவுகோலில் வைத்து, ‘0.8 என்றால் பாதி ஆரோக்கியம், பாதி அழகு’ என்பதுபோல் எழுதப்படுபவை இரண்டையும் தவறாகப் படித்தவை.

இத்தனை ஆண்டு ஆய்வுகளிலிருந்து நிதானமாகச் சொல்லக்கூடியது இதுதான். பல சமூகங்களில் ஆண்கள், தங்கள் ஊர்ச் சராசரியைவிடச் சற்றுக் குறைந்த விகிதத்தின் பக்கம் சாயக்கூடும். உணவு நிச்சயமில்லாத இடங்களில் எடை அதைவிட முக்கியமாகிறது. எவ்வளவு சாய்கிறார்கள் என்பது ஊரையும் பொறுத்தது, காட்டிய படத்தையும் பொறுத்தது. இது எல்லாமே கூட்டத்தின் சராசரி பற்றிய செய்தி. எந்த ஒரு பெண்ணின் அழகைப் பற்றியும், உடல்நலத்தைப் பற்றியும், தாய்மையைப் பற்றியும் இதில் ஒரு வரிகூட இல்லை. உங்கள் வீட்டுப் பெண் பிள்ளை 0.7 என்ற எண்ணை எங்கேயோ படித்துவிட்டு அளவு நாடாவோடு கண்ணாடி முன் நின்றால், அந்த எண் பன்னிரண்டு ஓவியங்களின் வரிசையில் ஓரத்தில் நின்ற ஒரு படத்திலிருந்து வந்தது என்பதை அவளுக்குச் சொல்லுங்கள்.